பி-ட்ரீ இன்செர்ஷன் பேப்பர்ல போட்டா தப்பா வருதா? அறிகுறிய வச்சு தப்ப பிடிக்கிற வழி

டேட்டாபேஸ் பேப்பர்ல இன்டெக்ஸிங் பகுதியில வர்ற பி-ட்ரீ கேள்விய பாதி பேர் "தெரியும்"னு நம்பி ஆரம்பிச்சு நடுவுல எங்கயோ வழுக்கி விழுந்துடுவாங்க, நானும் அப்படி விழுந்தவன்தான், காலேஜ் மாடல் எக்ஸாம்ல ஒரே நம்பர மரத்துல ரெண்டு இடத்துல எழுதி வச்சிட்டு பெருமையா பேப்பர குடுத்துட்டு வந்தேன். இப்ப ஜூனியர் பசங்க நோட்ட கொண்டு வந்து காட்டுறப்ப அதே நாலஞ்சு தப்புதான் திரும்ப திரும்ப வருது. அதனால பாடம் நடத்தாம, உங்க மரம் எப்படி தப்பா தெரியுதோ அதுல இருந்து பின்னாடி போய் எங்க கோளாறுன்னு பாக்குற மாதிரி எழுதுறேன்.

எல்லாத்துக்கும் ஒரே கணக்குதான். ஆர்டர் 5 பி-ட்ரீ, கீழ இருக்கிற கீ எல்லாம் இதே வரிசையில உள்ள போகணும்:

```
42 17 63 8 29 50 71 35 12 22 5 80 66 90 38 46 44
```

மொத்தம் 17 கீ. இங்க ஆர்டர் 5ன்னா ஒரு நோடுக்கு அதிகபட்சம் 5 பிள்ளைங்க, அப்ப கீ அதிகபட்சம் 4. ரூட்ட தவிர மத்த நோடுல குறைஞ்சது 2 கீ இருக்கணும். சரியா போட்டா கடைசியில இப்படி வரும்:

```
                   [42]
       [12 29]               [50 71]
[5 8] [17 22] [35 38]  [44 46] [63 66] [80 90]
```

உங்களுக்கு இதே வந்துருச்சுன்னா நீங்க மேல படிக்க வேணாம், போய் நார்மலைசேஷன் பாருங்க. வரலைன்னா வாங்க.

அறிகுறி: ஏதோ ஒரு நோடுல ஒத்த கீ தனியா நிக்குது

ரூட்ல ஒத்த கீ இருந்தா பரவால்ல, ரூட்டுக்கு அந்த சலுகை உண்டு (மேல பாருங்க, 42 தனியாத்தான் உக்காந்திருக்கு, அத பாத்து பயந்து கீழ இருந்து இன்னொன்ன இழுத்து துணைக்கு உக்கார வைக்கிறவங்களும் இருக்காங்க, வேணாம்). லீஃப்லயோ நடு நோடுலயோ ஒத்த கீ நின்னா மட்டும்தான் பிரச்சனை, அதுக்கு காரணம் முக்கால்வாசி நேரம் ஒண்ணேதான்: புது கீய உள்ள போடுறதுக்கு முன்னாடியே ஸ்பிளிட் பண்ணிட்டீங்க.

முதல் ஸ்பிளிட்டயே எடுத்துக்கங்க. 42, 17, 63, 8 போட்டாச்சு, நோடு `[8 17 42 63]`, ஃபுல். இப்ப 29 வருது. கை தானா என்ன பண்ணும்னா, "நோடு ஃபுல்லு, உடை"ன்னு இருக்கிற நாலயும் உடைக்கும், 17அ மேல தள்ளும், இடது பக்கம் `[8]`, வலது பக்கம் `[42 63]`, அப்புறம் 29அ கொண்டு போய் வலது பக்கம் சேர்க்கும். இப்ப இடது பக்கம் 8 அனாதையா நிக்குது. 17க்கு பதிலா 42அ மேல தள்ளினாலும் இதே கதைதான், வலது பக்கம் 63 தனியா நிக்கும். நாலு கீயில ஒண்ண மேல அனுப்பினா மிச்சம் மூணு, மூணை ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டா பிரிக்க யாராலயும் முடியாது.

சரியான முறை, அஞ்சாவது கீய முதல்ல உள்ள திணிச்சு, ஒரு நிமிஷத்துக்கு நோடு வரம்பு மீறி இருக்கட்டும்னு விட்டுட்டு, வரிசைப்படுத்தி, அதுக்கு அப்புறம் நடுவுல இருக்கிறத தூக்குறது:

```
8 17 (29) 42 63
```

29 மேல போகுது, `[8 17]` ஒரு பக்கம், `[42 63]` ஒரு பக்கம். நான் பேப்பர்ல போடுறப்ப நாலு கட்டம் வரைஞ்சு அஞ்சாவதா ஒரு புள்ளிக்கோடு கட்டம் பென்சில்ல ஒட்ட வச்சு போடுவேன், அதுக்குள்ள நம்பர் விழுந்தா மட்டும்தான் உடைக்கணும்னு கண்ணுக்கே தெரிஞ்சிடும்.

இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு, கவனிங்க. அதே `[8 17 42 63]`ல 29க்கு பதிலா 12 வந்திருந்தா, முன்கூட்டியே 17அ தள்ளி உடைச்சிருந்தாலும் 12 போய் 8 பக்கத்துல உக்காந்து `[8 12]` ஆகி மரம் ஒழுங்கா இருக்கிற மாதிரியே தெரியும். அதனால பழைய கணக்கு ரெண்டு மூணு சரியா வந்துச்சேங்கிறத வச்சு உங்க முறை சரின்னு நம்பிடாதீங்க.

அறிகுறி: லீஃப் எல்லாம் ஒரே மட்டத்துல இல்ல

இது பைனரி சர்ச் ட்ரீ நல்லா படிச்சவங்களுக்கு வர்ற நோய். 50, 71 போட்ட பிறகு மரம் இப்படி இருக்கு:

```
        [29]
[8 17]      [42 50 63 71]
```

இப்ப 35 வருது, 29அ விட பெருசு, வலது லீஃபுக்கு போகுது, `35 42 50 63 71` ஆகுது, நடுவுல 50. இதுவரைக்கும் எல்லாரும் சரியா வந்துடுவாங்க. அடுத்து 50அ "மேல அனுப்பு"ன்னா என்ன பண்றாங்கன்னா, அதே இடத்துல 50க்குன்னு ஒரு புது நோடு வரைஞ்சு அதுக்கு கீழ ரெண்டு பாதியையும் தொங்க விட்டுடுறாங்க:

```
        [29]
[8 17]        [50]
         [35 42]  [63 71]
```

மேல அனுப்புறதுன்னா ஏற்கனவே இருக்கிற பேரன்ட் நோடுக்குள்ள போய் வரிசையில உக்காரணும். 50 போய் 29 பக்கத்துல உக்காந்து `[29 50]` ஆகணும், அதுக்கு கீழ மூணு லீஃபும் ஒரே வரிசையில: `[8 17] [35 42] [63 71]`. பி-ட்ரீ கீழ்ப்பக்கமா வளரவே வளராது. ரூட் உடையுறப்ப மட்டும் தலைக்கு மேல ஒரு மாடி கட்டுது, அதனாலதான் எல்லா லீஃபும் எப்பவும் ஒரே தரையில நிக்குது. உங்க படத்துல ரூட் உடையாம உயரம் கூடியிருந்தா அந்த ஸ்டெப்லதான் தப்பு, வேற எங்கயும் தேட வேணாம்.

இந்த தப்பு ஏன் கண்ணுல படாம தப்பிக்குதுன்னா, இடமிருந்து வலமா இன்-ஆர்டர்ல படிச்சு பாத்தா 8, 17, 29, 35, 42, 50, 63, 71ன்னு அழகா ஏறுவரிசையில வரும். இன்-ஆர்டர் செக் நல்ல செக்தான், ஆனா அது தேடல் ஒழுங்கா நடக்குமாங்கிறத மட்டும்தான் சொல்லும், மட்டத்தையும் நிரப்பையும் சொல்லாது. லீஃப் மட்டத்த ஸ்கேல வச்சாவது தனியா பாருங்க, நான் விளையாட்டுக்கு சொல்லல, அவசரத்துல வரைஞ்ச படத்துல கோடு சாய்ஞ்சிருந்தா எது எந்த மட்டம்னே தெரியாது.

அறிகுறி: கடைசி கீ போட்டதும் மரம் கலைஞ்சு போச்சு, இல்ல 42 ரெண்டு மூணு இடத்துல இருக்கு

இதுதான் அந்த கேள்வியோட உயிர், மார்க் போறதும் இங்கதான், அதனால மெதுவா போவோம்.

35க்கு அப்புறம் 12, 22 போட்டு 5 வர்றப்ப இடது லீஃப் `5 8 12 17 22` ஆகி 12 மேல போகுது. 80, 66 போட்டு 90 வர்றப்ப வலது ஓரம் `63 66 71 80 90` ஆகி 71 மேல போகுது. இப்ப 14 கீ முடிஞ்சது:

```
           [12 29 50 71]
[5 8] [17 22] [35 42] [63 66] [80 90]
```

ரூட்ல 4 கீ, 5 பிள்ளைங்க, மூச்சு விட இடமில்ல. 38, 46 ரெண்டும் 29க்கும் 50க்கும் நடுவுல இருக்கிற லீஃபுக்கு போய் `[35 38 42 46]` ஆக்குது. கடைசியா 44. லீஃப் `35 38 42 44 46`, நடுவுல 42. இங்க நிறைய பேர் புதுசா வந்த 44தான் மேல போகணும்னு நினைச்சு 44அ அனுப்பிடுறாங்க, அப்படி எந்த விதியும் இல்ல, நடுவுல யாரு இருக்காங்களோ அவங்கதான் போவாங்க. இதே கணக்க திருப்பி பாருங்க, 29 ஒண்ணுதான் வந்த வேகத்துல மேல போச்சு, அதுவும் தற்செயலா நடுவுல விழுந்ததால.

42 ரூட்டுக்கு போச்சு, இப்ப ரூட் வரம்பு மீறிருச்சு. இந்த நிலைய பேப்பர்ல கண்டிப்பா வரைங்க, மனசுக்குள்ள தாண்டி போகாதீங்க:

```
               12 29 (42) 50 71
[5 8] [17 22] [35 38] [44 46] [63 66] [80 90]
```

அஞ்சு கீ, ஆறு பிள்ளைங்க. இப்ப ரூட்ட உடைக்கணும், நடுவுல மறுபடியும் 42. அதே 42 ரெண்டாவது தடவையா மேல ஏறுது, புது ரூட் ஆகுது. முதல் ஆளா உள்ள வந்தது கடைசியில உச்சியில போய் உக்காருது. ஒவ்வொரு தடவை ஏறுறப்பவும் பழைய இடத்துல இருந்து அது கிளம்பிடணும், எனக்கு மாடல் எக்ஸாம்ல ஆனது இதுதான், ரூட்லயும் எழுதிட்டு `[12 29 42]`ன்னு இடது நோடுலயும் விட்டுட்டேன்.

அடுத்தது பிள்ளைங்கள பிரிக்கிறது. ஆறு பிள்ளைங்கள்ல இடது மூணு `[12 29]`க்கு கீழ, வலது மூணு `[50 71]`க்கு கீழ. இங்க என்ன உறுத்தும்னா, இப்பத்தான் ஒரே லீஃப்ல இருந்து பிறந்த `[35 38]`உம் `[44 46]`உம் வேற வேற வீட்டுக்கு போகுது. அத மனசு ஒத்துக்காது, "இதுங்க ரெண்டும் கூடப்பிறந்தது, ஒண்ணாத்தான் இருக்கணும்"னு ரெண்டையும் `[12 29]`க்கு கீழயே வச்சிடுவாங்க. அப்ப ரெண்டு கீ இருக்கிற நோடுக்கு நாலு பிள்ளை, அந்தப்பக்கம் ரெண்டு கீக்கு ரெண்டே பிள்ளை. பிள்ளை எண்ணிக்கை எப்பவும் கீயை விட சரியா ஒண்ணு கூட இருக்கணும், இல்லைன்னா அங்கயே நிறுத்திடுங்க. இந்த தப்ப இன்-ஆர்டரும் பிடிச்சிடும், ஏன்னா 44, 46 ரெண்டும் 42க்கு முன்னாடி வந்து நிக்கும்.

யோசிச்சு பாத்தா காரணம் ரொம்ப எளிது: அந்த ரெண்டு பாதிக்கும் நடுவுல வேலி மாதிரி நின்னது 42. அந்த வேலியே இப்ப ரூட் ஆயிருச்சு, அப்ப ஒருத்தன் வேலிக்கு இந்தப்பக்கம், ஒருத்தன் அந்தப்பக்கம்தான.

அறிகுறி: மரம் சரி, ஆனா "எத்தனை ஸ்பிளிட்"னு கேட்டதுக்கு விடை தப்பு

ஆப்ஜெக்டிவ் தேர்வுல மரத்த விட்டுட்டு இத மட்டும் கேக்குறதுண்டு. 29, 50, 12, 71, 42ன்னு மேல போன கீய எண்ணி 5ன்னு போட்டுடுவாங்க, 42 ரெண்டு தடவை ஏறினது விட்டுப்போகும். விடை 6. சரி பாக்க ஒரு வழி இருக்கு, காலி மரத்துல இருந்து ஆரம்பிச்சு, டெலீட் எதுவும் நடக்காம இருந்தா இது எப்பவும் பொருந்தும்:

```
நோடு எண்ணிக்கை = ஸ்பிளிட் எண்ணிக்கை + மட்டங்கள்
```

ஒவ்வொரு ஸ்பிளிட்டும் ஒரு நோட கூட்டுது, ரூட் உடையுறப்ப மட்டும் தலைக்கு மேல இன்னொண்ணு சேருது, ஆரம்பத்துல ஒரு நோடு ஒரு மட்டம், அவ்வளவுதான். நம்ம மரத்துல 1 + 2 + 6 = 9 நோடு, 3 மட்டம், அப்ப 6 ஸ்பிளிட்.

அறிகுறி: கீ எண்ணினா 17க்கு மேல வருது, லீஃப்ல இருக்கிறது மேலயும் இருக்கு

நீங்க பாதி பி-ட்ரீயும் பாதி பி+ ட்ரீயும் போட்டிருக்கீங்க. பி-ட்ரீயில நடு கீ நகர்ந்து போகுது, கீழ இருக்காது. பி+ ட்ரீயில எல்லா கீயும் லீஃப்ல இருந்தே ஆகணும், அதனால லீஃப் உடையுறப்ப மேல போறது நகல்தான். முதல் அஞ்சு கீக்கு பி+ல `[8 17]`, `[29 42 63]`, மேல 29ன்னு வரும், சில புத்தகத்துல இடது பக்கம் மூணு வச்சு `[8 17 29]`, `[42 63]`, மேல 42ன்னும் வரும், ரெண்டும் செல்லும், ஆனா கடைசி வரைக்கும் ஒரே மாதிரி போகணும். குழப்பம் எங்கன்னா பி+லயும் நடு மட்டத்து நோடு உடையுறப்ப நகல் கிடையாது, பி-ட்ரீ மாதிரியே நகர்த்தணும். இத மறந்து அங்கயும் நகல் எடுத்தா அதே கீ ரெண்டு நடு மட்டத்துல வந்து நிக்கும்.

அறிகுறி: எல்லா செக்கும் பாஸ், ஆனா பக்கத்துல இருக்கிறவன் மரம் வேற

இங்க தப்பு உங்க மேல இல்லாமலும் இருக்கலாம்.

ஆர்டர் இரட்டைப்படையா இருந்தா வரம்பு மீறின நோடுலயும் கீ இரட்டைப்படையா இருக்கும், அப்ப நடுன்னு ஒண்ணு கிடையாது. ஆர்டர் 4ல `10 20 30 40` வந்தா 20அ அனுப்பி `[10]`, `[30 40]`ன்னும் பிரிக்கலாம், 30அ அனுப்பி `[10 20]`, `[40]`ன்னும் பிரிக்கலாம், ஆர்டர் 4க்கு ஒத்த கீயும் அனுமதிதான். கேள்வியில சொல்லலைன்னா எத எடுக்குறீங்கன்னு முதல் வரியில எழுதிட்டு அதையே பிடிச்சுக்கங்க, நடுவுல மாத்தினா திருத்துறவருக்கு கோபம் வரும், வரணும்.

அவன் ஸ்பிளிட் பண்ணாம பக்கத்து நோடுக்கு தள்ளி விட்டிருக்கலாம். 35 வந்தப்ப இடது லீஃப் `[8 17]`ல இடம் இருந்துச்சுல்ல, 29அ கீழ இறக்கி 35அ மேல ஏத்தினா `[35]`க்கு கீழ `[8 17 29]`, `[42 50 63 71]`ன்னு ஸ்பிளிட்டே இல்லாம முடிஞ்சிடும். செல்லுபடியாகுற மரம்தான், ஆனா கேள்வி ஸ்பிளிட் கேட்டிருந்தா இது அந்த கேள்விக்கு விடை இல்ல. டெலீஷன்ல கடன் வாங்குறத அப்பத்தான் படிச்சுட்டு வந்தவங்க இத பண்ணுவாங்க.

இல்லைன்னா அவன் மேல இருந்து இறங்குறப்பவே ஃபுல்லான நோட உடைச்சிட்டு வர்ற முறைய போட்டிருப்பான். அந்த முறை தப்பில்ல, ஆனா அதுக்கு அதிகபட்ச கீ ஒற்றைப்படையா இருக்கணும், `2t-1`னு குறைந்தபட்ச டிகிரி `t`ய வச்சு சொல்ற கேள்விங்களுக்கானது. `t=3`ன்னா 5 கீ வரைக்கும் போகலாம், 29 போட்டதும் `[8 17 29 42 63]` உடையாது, 50 வர்றப்பதான் முதல்ல ரூட்ட உடைச்சு 29அ ஏத்திட்டு அப்புறம் 50 வலது பக்கம் இறங்கும். நம்ம 4 கீ கணக்குல இந்த முறை ஏன் நடக்காதுன்னு மேலயே பாத்தோம், அனாதை 8.

கடைசியா "ஆர்டர்"ங்கிற வார்த்தையே ஒரு தலைவலி. கம்ப்யூட்டர் விஞ்ஞானி டொனால்ட் நூத் சொல்ற ஆர்டர் பிள்ளைங்களோட உச்ச எண்ணிக்கை, நாம எடுத்தது அதுதான். ஆனா 1972ல பேயரும் மெக்ரைட்டும் பி-ட்ரீய பத்தி வெளியிட்ட கட்டுரையில `k`ன்னு ஒரு எண்ண வச்சு, ஒரு நோடுல `k`ல இருந்து `2k` கீ வரைக்கும்னு சொல்றாங்க, அந்த வழியில வந்த புத்தகங்க அந்த எண்ணையே ஆர்டர்னு கூப்பிடுது. அந்த கணக்குல நம்ம மரத்தோட ஆர்டர் 2. அதே கணக்குல ஒருத்தன் "ஆர்டர் 5"ன்னு படிச்சா நோடுக்கு 5ல இருந்து 10 கீ, அதே 17 நம்பரையும் போட்டா 5 வர்றப்ப ஒரு தடவை, 44 வர்றப்ப ஒரு தடவை, மொத்தமே ரெண்டு ஸ்பிளிட்தான்:

```
                  [29 50]
[5 8 12 17 22] [35 38 42 44 46] [63 66 71 80 90]
```

பக்கத்துல இருக்கிறவன் பேப்பர்ல இது இருந்தா அவனுக்கு கணக்கு தெரியாதுன்னு நினைக்காதீங்க, அவன் படிச்ச புத்தகம் வேற. உங்க பேப்பர்ல முதல் வரியில "ஒரு நோடுக்கு அதிகபட்சம் 4 கீ, குறைந்தபட்சம் 2"ன்னு எண்ணாவே எழுதிடுங்க, ஆர்டர்னு வெறுமனே எழுதி விடாதீங்க.